பில்லில் ஒரு தொகை, பார்ட்டியின் 2பி-யில் இன்னொரு தொகை: ஐஆர்என் மட்டும் ஒன்றே. எப்படி?

கப்பலூர்_கணக்கு

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் ரப்பர் மேட் செய்யும் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் சேல்ஸ் மாட்யூல் லோக்கலில் ஒரு தம்பி எழுதிக் கொடுத்தது. பில்லை சேவ் செய்ததும் அதுவே ஜிஎஸ்பி வழியாக அரசு போர்ட்டலுக்கு அனுப்பி, ஐஆர்என்னும் க்யூஆரும் வாங்கி பில்லில் அச்சடித்துவிடும். ஒன்றரை வருடமாகப் பிரச்சினை இல்லாமல்தான் ஓடுகிறது.

நேற்று நாகர்கோவில் பார்ட்டியின் ஆடிட்டர் போன் செய்தார். போன மாதம் 9-ம் தேதி போட்ட பில், எண் KPR/25-26/1187. நாங்கள் கொடுத்த தாளில் மொத்தம் 1,17,811 ரூபாய். அவருடைய 2பி-யில் அதே பில் எண்ணுக்கு 1,22,720 என்று நிற்கிறதாம். ஐஆர்என்னை இரண்டு பேரும் போனிலேயே படித்துப் பார்த்தோம், கடைசி எழுத்து வரை ஒன்றுதான்.

ஜிஎஸ்டிஆர்-1 போன 11-ம் தேதி ஃபைல் செய்தாயிற்று. போர்ட்டலில் இருந்து தானாக வந்த தொகையை அப்படியே விட்டு ஃபைல் செய்தோம். 3பி இன்னும் போடவில்லை. ஒரே ஐஆர்என்னுக்கு இரண்டு தொகை எப்படி இருக்க முடியும்? போர்ட்டலில் ஏதாவது கோளாறா?

பழைய_டேலி_கை

போர்ட்டல் கோளாறாகத்தான் இருக்கும் மேடம். ஐஆர்என் என்பது பில்லில் உள்ள எல்லா விவரத்தையும் சேர்த்து அரைத்து எடுக்கிற 64 எழுத்து. ஒரு ரூபாய் மாறினாலும் ஐஆர்என் மாறிவிடும். ஒரே ஐஆர்என் இருக்கிறது என்றால் தொகையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆடிட்டர் வேறு பில்லைப் பார்த்துச் சொல்கிறாரோ என்னவோ. ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட் போடுங்கள்.

எல்லீஸ்நகர்_கோடு

அண்ணே, பாதி சரி. அரைப்பது உண்மை, 64 எழுத்து வருவதும் உண்மை. ஆனால் அரைக்கப் போடுவது நான்கே நான்கு விஷயம்: விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண். தொகை அதில் கிடையாது. வாங்குபவர் பெயர் கிடையாது, சரக்கு கிடையாது, தேதியும் நிதியாண்டாக மட்டும்தான் உள்ளே போகிறது. ஆகவே 1187-ம் எண்ணில் ஒரு லட்சத்துக்குப் போட்டாலும் பத்து லட்சத்துக்குப் போட்டாலும் ஐஆர்என் அதேதான்.

மேடம், ஆடிட்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மூன்று விஷயம் சொல்லுங்கள். அந்த பில் முதல் தடவை அனுப்பியபோது ‘தோல்வி’ என்று வந்ததா? அதற்கப்புறம் பில்லில் யாராவது ஏதாவது மாற்றினார்களா? கடைசியாக, உங்கள் தாளில் உள்ள க்யூஆரை ஸ்கேன் செய்தால் என்ன தொகை வருகிறது?

கப்பலூர்_கணக்கு

க்யூஆரை போனில் ஸ்கேன் செய்தேன். eyJ என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு ஏதோ எழுத்தாக வருகிறது. தொகை எதுவும் தெரியவில்லை.

மற்றதை பில் போடுகிற பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

எல்லீஸ்நகர்_கோடு

சாதாரண ஸ்கேனரில் அப்படித்தான் வரும், அது கையொப்பமிட்ட பொட்டலம். ஜிஎஸ்டிஎன் வெளியிட்ட E-Invoice QR Code Verifier என்ற ஆப்பைப் போனில் போட்டு அதில் ஸ்கேன் செய்யுங்கள். விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை ஐட்டம், முக்கிய எச்எஸ்என், ஐஆர்என் எல்லாம் பிரித்துக் காட்டும். அங்கே காட்டுகிற தொகைதான் போர்ட்டல் பதிவு செய்த தொகை. உங்கள் பிரிண்டர் என்ன அச்சடித்தது என்பது அதற்குத் தெரியாது.

விளக்குத்தூண்_ஜவுளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இ-இன்வாய்ஸ் சந்தேகம்தான். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம். வருட டர்ன்ஓவர் இப்போது 3 கோடியைத் தாண்டுவதில்லை. 5 கோடிக்கு மேல் இருந்தால்தானே இது? அப்படியானால் நான் இந்த மாட்யூலையே எடுத்துவிடலாமா? க்யூஆர் போடாவிட்டால் கஸ்டமர் கேள்வி கேட்பாரா?

திருமங்கலம்_ஆடிட்டர்

ஐயா, இப்போதைய டர்ன்ஓவரை மட்டும் பார்க்கக் கூடாது. 2017-18 முதல் எந்த ஒரு நிதியாண்டிலாவது உங்கள் பான் எண்ணில் மொத்தமாக 5 கோடியைத் தாண்டியிருந்தால் போதும், அதன்பின் குறைந்தாலும் விடாது. 5 கோடி வரம்பு 2023 ஆகஸ்ட் 1-லிருந்து. கொரோனாவுக்கு முந்தைய கணக்குகளை எடுத்துப் பாருங்கள். வேறு ஊரில் அதே பானில் கிளை இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாமல் வாங்கிப் போகிறவருக்குப் போடும் பில் இதில் வராது.

இதற்குமேல் என்றால் தனி இழை போடுங்கள் ஐயா, இங்கே மேடத்தின் விஷயம் சிக்கலாக இருக்கிறது.

விளக்குத்தூண்_ஜவுளி

2018-19-ல் 6 கோடி போயிருக்கிறது. அப்போ மாட்டிக்கிட்டேன். சரி சார், தனியாகக் கேட்கிறேன்.

கப்பலூர்_கணக்கு

ஆப்பில் ஸ்கேன் செய்தேன். 1,22,720 காட்டுகிறது! தாளில் எழுத்தில் 1,17,811, அதே தாளின் மூலையில் உள்ள க்யூஆருக்குள் 1,22,720.

பில் பையன் சொன்னது இது. அன்றைக்குக் காலை 400 மேட், ஒன்று 260 ரூபாய் என்று பில் போட்டிருக்கிறான். அதாவது 1,04,000, அதற்கு 18 சதவீதம் 18,720, மொத்தம் 1,22,720. சேவ் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘தோல்வி - பதில் இல்லை’ என்று சிவப்பில் வந்திருக்கிறது. அன்று எஸ்டேட்டில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வந்தது, எனக்கே ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து பார்ட்டி போன் செய்து, உடனே பணம் போடுகிறேன், 4 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள் என்றிருக்கிறார். முதலாளி சரி என்றுவிட்டார். பில்தான் தோல்வியாயிற்றே என்று பையன் அதையே திறந்து தள்ளுபடி போட்டுத் திரும்ப அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவை பச்சையில் வந்து க்யூஆரோடு பிரிண்ட் ஆகிவிட்டது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எல்லீஸ்நகர்_கோடு

இதுதான் நான் பயந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தடவை அனுப்பியது தோற்கவே இல்லை. பில் போர்ட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே 1,22,720-க்கு ஐஆர்என் போட்டுப் பதிவும் ஆகிவிட்டது. திரும்பி வர வேண்டிய பதில் மட்டும் வழியில் அறுந்தது. உங்கள் மாட்யூல் பதில் வராததைத் ‘தோல்வி’ என்று எழுதிக்கொண்டு பில்லின் பூட்டைத் திறந்துவிட்டது.

இரண்டாம் தடவை 1,17,811-க்கு அனுப்பியபோது போர்ட்டல் ஏற்கவில்லை. 2150 என்ற பிழையைத் திருப்பியிருக்கும். அது பார்க்க இப்படி இருக்கும்:

```json
{
  "Status": 0,
  "ErrorDetails": [
    {"ErrorCode": "2150", "ErrorMessage": "Duplicate IRN"}
  ],
  "InfoDtls": [
    {"InfCd": "DUPIRN",
     "Desc": {"AckNo": "...", "AckDt": "...", "Irn": "..."}}
  ]
}
```

பிழையோடு கூடவே, ‘இந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஐஆர்என் இருக்கிறது, இதோ’ என்று பழையதையும் போர்ட்டல் கொடுக்கும். மாட்யூல் எழுதிய தம்பி அதைப் பார்த்து, 2150 வந்தால் அந்த ஐஆர்என்னை எடு, அதை வைத்து க்யூஆரைக் கேட்டு வாங்கு, பில்லில் ஒட்டு, பச்சை காட்டு என்று எழுதியிருக்கிறார். எண்ணம் நல்ல எண்ணம்தான். பில்லை யாரும் தொடாமல் மறுபடி அனுப்பியிருந்தால் இது மிகச் சரியான வேலை. நடுவில் தொகை மாறியதால் பழைய பில்லின் க்யூஆர் புதிய பில்லின் தாளில் ஏறிவிட்டது.

அன்றைய இ-வே பில்லை எடுத்துப் பாருங்கள். ஐஆர்என்னை வைத்து எடுத்ததாக இருந்தால் அதிலும் 1,22,720-தான் இருக்கும்.

கப்பலூர்_கணக்கு

ஆமாம் சார். இ-வே பில்லிலும் 1,22,720. டிரைவர் கையில் இரண்டு தாளும் ஒன்றாகவே நாகர்கோவில் வரை போயிருக்கிறது. வழியில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை, சாமி புண்ணியம்.

இப்போது இதை எப்படிச் சரி செய்வது? ஐஆர்என்னை கேன்சல் செய்துவிடலாமா?

பழைய_டேலி_கை

நான்கு விஷயம்தான் உள்ளே போகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. நன்றி தம்பி.

மேடம், கேன்சலுக்கு 24 மணி நேரம்தான், அது எப்போதோ போய்விட்டது. ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். அதே பில்லை KPR/25-26/1187A என்று புது எண்ணில் 1,17,811-க்குப் போட்டு அனுப்புங்கள், எண் வேறு என்பதால் புது ஐஆர்என் வந்துவிடும். பழையதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

திருமங்கலம்_ஆடிட்டர்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழையது போர்ட்டலில் உயிரோடுதான் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-1-லும் ஏறி ஃபைல் ஆகிவிட்டது. 1187A-யும் போட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு தடவை வரி. பார்ட்டியின் 2பி-யில் இரண்டு வரவு. ‘கண்டுகொள்ளாத’ பில் என்று ஒன்று ஜிஎஸ்டியில் கிடையாது.

மேடத்துக்கு இப்போது இருப்பது இரண்டு வழி.

ஒன்று கிரெடிட் நோட். பதிவான பில்லில் மதிப்பு கூடுதலாக ஏறிவிட்டது, அதைக் குறைக்கிறோம் என்று. தள்ளுபடி 4,160. அதற்கு சிஜிஎஸ்டி 374.40, எஸ்ஜிஎஸ்டி 374.40. கூட்டினால் 4,908.80, ரவுண்ட் செய்தால் 4,909. 1,22,720-ல் அதைக் கழித்தால் உங்கள் 1,17,811 வந்துவிடும். கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வேண்டும், மறக்க வேண்டாம். அது சிஆர்என் என்ற தனி ஆவண வகை, தனி எண்.

இன்னொன்று, நீங்கள் 3பி இன்னும் போடவில்லை என்பதால் ஜிஎஸ்டிஆர்-1ஏ திறந்திருக்கும். 2024 ஆகஸ்டில் வந்தது. அதில் இதே மாதத்துக்கான பில் மதிப்பைத் திருத்தலாம், 3பி-யில் உங்கள் வரி உடனே குறையும். பார்ட்டிக்கு அந்தத் திருத்தம் அடுத்த மாத 2பி-யில்தான் தெரியும்.

நான் கிரெடிட் நோட் பக்கம்.

அனுப்பானடி_வரி

சார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளுபடி சரக்கு கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவானது. உண்மையான விலை 1,17,811. பார்ட்டி கையில் இருக்கும் தாளும் அதைத்தான் சொல்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதற்குமேல் 4,909-க்கு கிரெடிட் நோட்டும் கொடுத்தால், பார்ட்டியின் புத்தகத்தில் 1,12,902 ஆகிவிடும். தள்ளுபடி இரண்டு தடவை போகும். 1ஏ-யில் திருத்தினால் தாளும் ரிட்டர்னும் ஒத்துப்போகும், கதை முடிந்தது.

திருமங்கலம்_ஆடிட்டர்

நல்ல கேள்விதான். ஆனால் தாளும் ரிட்டர்னும் ஒத்துப்போனால் போதுமா? போர்ட்டலில் கையொப்பமிட்டுக் கிடக்கும் பில் 1,22,720 என்றே இருக்கும். 1ஏ அதைத் தொடாது. இ-வே பில்லும் 1,22,720. இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர் அந்த முறைப்படி பதிவு செய்யாமல் கொடுக்கும் தாள் இன்வாய்ஸே ஆகாது என்று 48-ம் விதியின் 5-ம் உட்பிரிவு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 1,17,811 என்று அச்சான தாளுக்கு என்ன மதிப்பு? பதிவான பில்தான் பில்.

ஆகவே கிரெடிட் நோட் போடுவதற்கு முன்னால், பதிவானபடியே 1,22,720-க்கு பில்லை மறுபடி அச்சடித்து பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும். முதலில் கொடுத்த தாளை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற வேண்டும். அதன் பிறகு கிரெடிட் நோட். அப்படிச் செய்தால் நீங்கள் சொன்ன 1,12,902 பிரச்சினை வராது.

அனுப்பானடி_வரி

விதி சொல்வது ‘அந்த முறையில் அல்லாமல் கொடுத்த இன்வாய்ஸ்’ பற்றி. இங்கே ஐஆர்என் இருக்கிறது, மதிப்பில்தான் வித்தியாசம். அதை இன்வாய்ஸே இல்லை என்று தள்ளிவிட முடியுமா என்பது எனக்கு இன்னும் கேள்விதான். நான் 1ஏ என்றே நிற்கிறேன். மேடம், உங்கள் ஆடிட்டர் யாரோ அவர் கையெழுத்துப் போடுகிற வழியில் போங்கள்.

கப்பலூர்_கணக்கு

இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் ஆடிட்டரிடம் இந்த இழையை அப்படியே காட்டுகிறேன்.

எனக்கு இப்போது பெரிய கவலை வேறு. இந்த மாதிரி இன்னும் எத்தனை பில் உள்ளே கிடக்கிறதோ? ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு தாளையும் எடுத்து க்யூஆர் ஸ்கேன் செய்துகொண்டிருக்க முடியுமா?

எல்லீஸ்நகர்_கோடு

வேண்டாம். அந்தத் தம்பியிடம், க்யூஆருக்காகப் போர்ட்டல் கொடுத்த கையொப்பமிட்ட சரத்தை டேட்டாபேஸில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தேவைப்படும்போது மறுபடி அச்சடிக்க முடிகிறது என்றால் வைத்திருப்பார். அந்தச் சரத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள பகுதியைப் பிரித்தால் TotInvVal, BuyerGstin, ItemCnt எல்லாம் வெளியே வரும். அதை உங்கள் பில் டேபிளோடு ஒப்பிட்டு, தொகை வேறுபடும் பில்களை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மாலை வேலைதான்.

தொகை ஒத்துப்போனாலும் நம்பிவிடக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. மொத்தம் மாறாமல் எச்எஸ்என்னையோ டெலிவரி முகவரியையோ மட்டும் மாற்றியிருந்தால் இந்த ஒப்பீட்டில் மாட்டாது. அதற்கு ‘2150 வந்து பச்சையான’ பில்களைத் தனியாக லாகில் தேடச் சொல்லுங்கள். அவைதான் சந்தேகப் பட்டியல். மற்றவற்றில் இந்த நோய் வர வழியே இல்லை.

கருப்பாயூரணி_டெவ்

அந்த மாட்யூலை எழுதிய ஆள் நானில்லை, ஆனால் இதே போல ஒன்றை நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த இழை வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஒரு சந்தேகம். பதில் வராமல் போனால் நான் தானாகவே மூன்று தடவை மறுபடி அனுப்புகிற மாதிரி வைத்திருக்கிறேன். அது ஆபத்தா? ஒரே பில் மூன்று தடவை பதிவாகிவிடுமா?

எல்லீஸ்நகர்_கோடு

பதிவாகாது தம்பி. அதைத் தடுக்கத்தான் 2150 இருக்கிறது. அதே பில்லை அப்படியே எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு ஐஆர்என்தான். ஆபத்து திரும்ப அனுப்புவதில் இல்லை, இரண்டு அனுப்புதலுக்கு நடுவில் பில்லைத் திறந்துவிடுவதில் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் முறை இது. பில்லுக்கு ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று இரண்டே நிலை வைக்கவில்லை. ‘தெரியவில்லை’ என்று மூன்றாவது நிலை ஒன்று உண்டு. போர்ட்டலே பதில் சொல்லி மறுத்தால்தான் தோல்வி. உதாரணமாக, வாங்குபவரின் பின்கோடு அந்த மாநிலத்துக்குப் பொருந்தவில்லை, மாநிலத்துக்குள் விற்றதற்கு ஐஜிஎஸ்டி போட்டிருக்கிறது என்று வந்தால் அங்கே எதுவும் பதிவாகவில்லை என்று உறுதி. பில்லைத் திறந்து திருத்தி அதே எண்ணில் அனுப்பலாம். பதிலே வரவில்லை என்றால் அது ‘தெரியவில்லை’. அந்த நிலையில் பில் பூட்டியே இருக்கும், முதலாளியே வந்து கேட்டாலும் திறக்காது.

அப்புறம், அனுப்பிய ஜேசனை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுகிறேன். ஒப்பிடுவது அந்த நகலோடு, திரையில் இருக்கும் பில்லோடு அல்ல.

```python
def resolve_unknown(inv):
    old = get_by_doc("INV", inv.no, inv.date)
    if old is None:
        return send(inv.sent_json)
    if same(old.signed_invoice, inv.sent_json):
        return attach(inv, old)
    inv.hold("portal copy differs")
```

get_by_doc என்பது ஆவண வகை, எண், தேதி மூன்றையும் கொடுத்துப் பதிவான பில்லைக் கேட்கிற அழைப்பு. irnbydocdetails என்று ஏபிஐயில் இருக்கும். இது பில் பதிவாகிச் சில நாட்கள் வரைதான் பதில் தரும், அதனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால்தானே கேன்சல் செய்ய முடியும்.

கருப்பாயூரணி_டெவ்

புரிகிறது அண்ணே. ஒன்று. நெட் அறுந்த உடனே get_by_doc கேட்டால், அங்கே முதல் கோரிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருந்து, ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் வந்துவிட்டால்? உங்கள் கோடு மறுபடி அனுப்பிவிடுமே.

எல்லீஸ்நகர்_கோடு

அனுப்பட்டும். அனுப்புவது அதே நகலைத்தான். முதல் கோரிக்கை முடிந்திருந்தால் 2150 வரும், முடியாமல் செத்திருந்தால் இது பதிவாகும். எது நடந்தாலும் போர்ட்டலில் இருப்பதும் நம்மிடம் இருப்பதும் ஒன்றே. ‘இல்லை’ என்ற பதிலை நம்பி பில்லைத் திறந்துவிட்டால்தான் மறுபடி கப்பலூர் கதை.

பழைய_டேலி_கை

24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் மேடத்துக்கு என்ன வழி? அதையும் சொல்லிவிடுங்கள், எங்கள் கடையிலும் நெட் இப்படித்தான்.

திருமங்கலம்_ஆடிட்டர்

கேன்சல்தான். மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். 24 மணி நேரம் என்பது நீங்கள் அச்சடித்த நேரத்திலிருந்து இல்லை, போர்ட்டல் பதிவு செய்த நேரத்திலிருந்து. மேடத்தின் கேஸில் அது அந்த முதல் ‘தோல்வி’ நேரம். அடுத்து, இ-வே பில் உயிரோடு இருந்தால் ஐஆர்என் கேன்சல் ஆகாது, முதலில் அதைக் கேன்சல் செய்ய வேண்டும். அதற்கும் 24 மணி நேரம்தான், வண்டியை வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. கடைசியாக, கேன்சலான எண் போனதுதான். 1187-ஐ மறுபடி பயன்படுத்த முடியாது, 1188-க்குப் போக வேண்டும். பாதி ஐட்டத்தை மட்டும் கேன்சல் செய்வதும் கிடையாது.

பழைய_டேலி_கை

எண் போனதுதான் என்றால், kpr என்று சின்ன எழுத்தில் போட்டால்? முன்னால் ஒருவர் அப்படிச் செய்து புது ஐஆர்என் வாங்கியதாகச் சொன்னார்.

எல்லீஸ்நகர்_கோடு

அண்ணே, உங்களுக்குக் குறுக்கு வழி மேல் ஒரு பிரியம்! 2025 ஜூன் 1-லிருந்து போர்ட்டல் எண்ணை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் ஐஆர்என் போடுகிறது. kpr-உம் KPR-உம் ஒன்றே. உங்கள் மாட்யூலும் சேவ் செய்யும்போதே பெரிய எழுத்தாக்கிவிட்டால், பின்னால் தேடும்போது குழப்பம் வராது.

கப்பலூர்_கணக்கு

நான்கு நாள் கழித்து வருகிறேன். தம்பி லாகைத் தேடிக் கொடுத்தார். 2150 வந்து பச்சையானவற்றில் பெரும்பாலானவை நெட் போனதும் அப்படியே மறுபடி அனுப்பியவை, தொகை ஒத்துப்போகிறது. 1187-ஐத் தவிர இன்னும் ஒன்று மாட்டியது, விருதுநகர் பார்ட்டிக்குப் போட்டது. அதில் தொகை ஒன்றுதான். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்தான் மாறியிருக்கிறது: ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனி, முதலில் தப்பாக அண்ணன் கம்பெனிக்குப் போட்டு, ‘தோல்வி’ என்றதும் தம்பி கம்பெனிக்கு மாற்றியிருக்கிறார்கள். தாளில் தம்பி பெயர், போர்ட்டலில் அண்ணன் பெயர். வரவு அண்ணனுக்குப் போயிருக்கிறது.

1187-க்கு எங்கள் ஆடிட்டர் கிரெடிட் நோட் என்றே சொன்னார். பதிவானபடி பில்லை மறுபடி அச்சடித்து அனுப்பி, பழைய தாளைத் திருப்பிக் கேட்டுக் கடிதமும் போட்டோம். கிரெடிட் நோட்டுக்கு ஐஆர்என் வாங்கியாயிற்று, இந்தத் தடவை க்யூஆரை ஆப்பில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் அனுப்பினேன். நாகர்கோவில் ஆடிட்டர் இன்னும் ஐஎம்எஸ்-ஸில் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய தாள் எங்கே என்று தேடுகிறார்களாம்.

திருமங்கலம்_ஆடிட்டர்

விருதுநகர் கேஸ் 1187-ஐ விடக் கஷ்டம். எந்த மாதத்து பில்? அண்ணன் கம்பெனி அந்த வரவை எடுத்துப் பயன்படுத்திவிட்டதா? அதைப் பொறுத்துத்தான் வழி. எடுத்திருந்தால், அண்ணன் பெயருக்கு முழு பில்லுக்கும் கிரெடிட் நோட், அவர்கள் வரவைத் திருப்ப வேண்டும், தம்பிக்குப் புது எண்ணில் புது பில். புது பில்லின் தேதி இன்றைய தேதியாகத்தான் இருக்கும், சரக்கு போன தேதி பழையது, அதை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1ஏ-யில் வாங்குபவரின் எண்ணை மாற்ற முடியாது, அனுப்பானடி சார் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

அனுப்பானடி_வரி

சொல்லவில்லை சார், அது எனக்கும் தெரியும். ஆனால் ஜிஎஸ்டிஆர்-1-ன் 9ஏ-யில் அடுத்த மாதம் எண்ணைத் திருத்தலாமே, கிரெடிட் நோட்டே வேண்டாமே? மேடம், மாதத்தைச் சொல்லுங்கள்.

கப்பலூர்_கணக்கு

பில் மூன்று மாதம் பழையது. அண்ணன் கம்பெனியின் கணக்கரிடம் கேட்டேன், வரவை எடுத்திருக்கிறார்கள் போலத்தான் பேசினார், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இங்கே வந்து எழுதுகிறேன்.

தம்பி மாட்யூலில் ‘தெரியவில்லை’ நிலையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நேற்று மதியம் நெட் போனபோது ஒரு பில் அதில் பூட்டிக்கொண்டது. பில் பையன் திறந்து கொடுங்கள் என்று என்னிடம் வந்து நின்றான், பார்ட்டி வெளியே வண்டியோடு காத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் தானாகவே பச்சையாகி பிரிண்ட் வந்தது.